உருண்டை ராடில் அறுகோணமும் சதுரமும்: எத்தனை மில்லிமீட்டர் ராடு எடுக்க வேண்டும்?

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று கரை நெடுகப் படகுகள் பழுதுபார்ப்புக்கு வருவதும், ஷாஃப்டும் சுக்கானும் கழற்றப்படுவதும், அரித்துப்போன நட்டுகளுக்கும் தேய்ந்த தண்டுகளுக்கும் மாற்று செய்யச் சொல்லி லேத்துப் பட்டறைகளில் வேலை குவிவதும் பெரும்பாலும் இந்த நாள்களில்தான். அப்போது பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கும் கோரிக்கை ஒன்று: “தம்பி, 36 ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி ஒரு நட்டு வேணும், எத்தனை ராடு வாங்கிட்டு வரட்டும்?”

இந்தக் கேள்விக்கு ஒரே பட்டறையில் மூன்று பதில்கள் கிடைக்கும். ஒருவர் 36 ராடு போதும் என்பார். இன்னொருவர் பத்தில் ஒரு பங்கு கூட்டி 40 என்பார். மூன்றாமவர் எதற்கு வம்பு என்று 45 வாங்கச் சொல்வார். முதல் பதில் முற்றிலும் தவறு. மற்ற இரண்டும் சில சமயம் சரியாகவும் சில சமயம் தவறாகவும் இருக்கும். எப்போது சரி, எப்போது தவறு என்பதைச் சொன்னவராலேயே பெரும்பாலும் விளக்க முடியாது. உண்மையில் இந்தக் கணக்கு முழுவதும் ஒரேயொரு செங்கோண முக்கோணத்தில் அடங்கிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் அறுகோணத்துக்கு ஒன்று, சதுரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

## எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம்?

குழப்பத்தின் பெரும்பகுதி, மூன்று வேறு அளவுகளை ஒன்றாகப் பேசுவதால் வருகிறது.

முதலாவது எதிர்த்தட்டை அளவு. அறுகோண நட்டில் ஒரு தட்டைப் பரப்புக்கும் அதற்கு நேர் எதிரே உள்ள தட்டைப் பரப்புக்கும் இடையிலான தூரம் இது. ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் இதைத்தான் குறிக்கிறது. இரண்டாவது மூலைவிட்டம். நட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம் இது. எதிர்த்தட்டை அளவைவிட எப்போதும் பெரியது. மூன்றாவது தட்டையின் அகலம். ஒரே ஒரு தட்டை, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை எவ்வளவு அகலம் என்பது இது.

நட்டின் மரை அளவு இவை மூன்றிலிருந்தும் வேறானது. எம்24 என்று அழைக்கப்படும் நட்டின் மரை 24 மி.மீ.; அதைத் திருகும் ஸ்பேனர் 36 மி.மீ. இந்த இரண்டு எண்களில் எதைச் சொல்கிறோம் என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாமல் ராடு வாங்கப் போவது வீண் அலைச்சல்.

ராடிலிருந்து அறுகோணம் வெட்டும்போது தட்டைகள்தாம் உள்ளே செதுக்கப்படுகின்றன. மூலைகள் ராடின் மேற்பரப்பில் நிற்கின்றன. ஆகவே ராடின் விட்டத்தைத் தீர்மானிப்பது மூலைவிட்டம், எதிர்த்தட்டை அளவன்று. 36 ராடில் 36 எதிர்த்தட்டை ஏன் வராது என்பதற்கு இதுவே காரணம்: 36 ராடின் மேற்பரப்பை எந்த இடத்தில் செதுக்கினாலும் அங்கே எதிரெதிர் அளவு 36-க்குக் கீழே போய்விடும்.

படகு கட்டும் தச்சர் இதைச் சொல்லித்தராமலே அறிந்திருப்பார். உருண்டையான கட்டையிலிருந்து சதுரமான ஒரு சட்டத்தை எடுக்க வேண்டுமானால், சட்டத்தின் பக்கத்தை அளந்து கட்டையைத் தேர்ந்தெடுக்க மாட்டார். கட்டையின் சிறுத்த முனையில் சட்டத்தின் குறுக்குக்கோடு அடங்குகிறதா என்றுதான் பார்ப்பார். அடங்காவிட்டால் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் பட்டையின் வளைவு எஞ்சி நிற்கும். இரும்பிலும் நடப்பது இதேதான். கட்டையின் பட்டைக்குப் பதிலாக ராடின் மேற்பரப்பு எஞ்சி நிற்கிறது.

சுருக்கமாக: ஸ்பேனர் எண் என்பது தட்டைக்குத் தட்டை, ராடு எண் என்பது மூலைக்கு மூலை. இரண்டையும் இணைக்கும் கணக்கு அடுத்தது.

## டேப்பின் பின்முனையில் இருக்கும் முக்கோணம்

மரை போடும் டேப் ஒன்றைக் கையில் எடுத்து அதன் பின்முனையைப் பார்க்கலாம். டேப் ரெஞ்சு பிடிப்பதற்காக அங்கே ஒரு சதுரம் வெட்டியிருப்பார்கள். 10 மி.மீ. தண்டுள்ள வழக்கமான டேப்பில் அந்தச் சதுரம் 8 மி.மீ. இருக்கும். உற்றுப் பார்த்தால் சதுரத்தின் மூலைகள் கூராக இல்லை என்பதும், ஒவ்வொரு மூலையிலும் தண்டின் பழைய உருண்டை கொஞ்சம் மிச்சமிருப்பதும் தெரியும். இப்போது ஒரே ஒரு தட்டையின் அகலத்தை மட்டும் வெர்னியரால் அளந்தால் ஏறக்குறைய 6 மி.மீ. வரும்.

6, 8, 10 என்ற இந்த மூன்று எண்களும் தற்செயலாக அமைந்தவை அல்ல. முனையை நேராகப் பார்க்கும்போது ஒரு தட்டை மேலேயும் அதன் எதிர்த்தட்டை கீழேயும் இரண்டு இணைகோடுகளாகத் தெரியும். அந்த இரண்டு கோடுகளின் முனைகளையும் இணைத்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் உயரம் எதிர்த்தட்டை அளவாகிய 8. அகலம் தட்டையின் அகலமாகிய 6. செவ்வகத்தின் நான்கு மூலைகளும் தண்டின் வட்டத்தின் மேல் இருக்கின்றன. ஆகவே அதன் குறுக்குக்கோடு வட்டத்தின் மையம் வழியாகச் செல்கிறது, அதாவது அதுவே தண்டின் விட்டம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி 8-இன் வர்க்கம் 64, 6-இன் வர்க்கம் 36, கூட்டினால் 100. அதன் வர்க்கமூலம் 10.

விட்டத்தை D என்றும், எதிர்த்தட்டை அளவை S என்றும், தட்டையின் அகலத்தை W என்றும் எழுதினால் முழு விஷயமும் இவ்வளவுதான்:

```
D² = S² + W²
```

இந்தச் சமன்பாட்டில் தட்டைகள் நான்கா ஆறா என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு தட்டைகள் இருந்தால் போதும். எனவே சதுரத்துக்கும் அறுகோணத்துக்கும், ஷாஃப்டில் ஸ்பேனர் பிடிக்க வெறுமனே இரண்டு பக்கம் மட்டும் செதுக்கும் வேலைக்கும்கூட இதே கணக்குப் பொருந்துகிறது.

## மூலை கூராக வேண்டுமென்றால்

மூலைகளில் உருண்டை சிறிதும் மிஞ்சாமல் முழுக் கூராக வர வேண்டுமானால், தட்டையின் அகலம் அந்த உருவத்தின் முழுப் பக்கத்துக்குச் சமமாக வேண்டும். சதுரத்தில் பக்கமும் எதிர்த்தட்டை அளவும் ஒன்றே. ஆகவே W-க்குப் பதில் S-ஐயே போட்டால் விட்டம், சதுரப் பக்கத்தைப்போல் √2 மடங்கு என்று வருகிறது. அறுகோணத்தில் முழுப் பக்கம் என்பது எதிர்த்தட்டை அளவை √3-ஆல் வகுத்தால் கிடைப்பது; அதைப் போட்டால் விட்டம் 2-ஐ √3-ஆல் வகுத்த மடங்கு.

```
அறுகோணம்:  D = S × 1.1547
சதுரம்:      D = S × 1.4142
```

பல கையேடுகளில் அச்சிட்டிருப்பதும், பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பதும் இந்த இரண்டு எண்கள்தாம். எண்கள் சரியானவை; ஆனால் அவை ஒரு எல்லையை மட்டும் சொல்கின்றன என்பதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இதற்குமேல் பெரிய ராடில் அறுகோணம் வெட்டினால், மிகுதி முழுவதும் சுருளாகப் போகும். இதற்குக் குறைந்த ராடில் வெட்டினால் அறுகோணம் வராமல் போய்விடாது. மூலைகள் மழுங்கி வரும். எவ்வளவு மழுங்கலாம் என்பதுதான் உண்மையான கேள்வி.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கூர்மூலை அறுகோணத்தில் ஒரு பக்கத்தின் நீளம் ராடின் ஆரத்துக்குச் சரியாகச் சமம். கணக்கில் வந்த விட்டத்தைப் பாதியாக்கி, அது எதிர்த்தட்டை அளவை 1.732-ஆல் வகுத்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பெருக்கலில் பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

## 36 ஸ்பேனருக்கு ஒரு நட்டு

இனி அந்த 36 நட்டுக்கு வருவோம். கூர்மூலைக்கு வேண்டிய விட்டம் 36 × 1.1547, அதாவது 41.57 மி.மீ. பாதியாக்கினால் 20.78, 36-ஐ 1.732-ஆல் வகுத்தாலும் 20.78. கணக்குச் சரி.

ஆனால் கடையில் 41.57 என்று ராடு கிடையாது. எளிதில் கிடைப்பவை 36, 40, 45, 50 போன்ற அளவுகள். ஆகவே 40-இல் சமாளிப்பதா, 45 வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் தட்டையின் அகலம் கைகொடுக்கிறது.

40 ராடில் 36 எதிர்த்தட்டை வெட்டினால், 40-இன் வர்க்கம் 1600-இலிருந்து 36-இன் வர்க்கம் 1296-ஐக் கழித்து, மிச்சம் 304-க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 17.4 மி.மீ. முழு அறுகோணத்தில் இருக்க வேண்டியது 20.8. ஒவ்வொரு மூலையிலும் ஏறத்தாழ 2.9 மி.மீ. அகலத்துக்குப் பழைய உருண்டை எஞ்சி நிற்கும். கண்ணுக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. ஸ்பேனருக்குத் தோன்றும். ஸ்பேனர் நட்டைத் திருகும்போது தட்டை முழுவதிலும் சமமாக அழுத்துவதில்லை; தட்டையின் ஓரத்தில், மூலைக்கு அருகில்தான் அழுத்துகிறது. அந்த ஓரம் தட்டையின் நடுவிலிருந்து 10.4 மி.மீ. தள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 8.7 மி.மீ. தள்ளியே இருந்தால், அதே இறுக்கத்தைத் தர ஓரத்தின் மேல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக விசை விழும். உப்பேறி இறுகிய நட்டை நீளமான குழாய் மாட்டிக் கழற்றும்போது மூலை வழுக்கிப்போகும் நட்டுகளில் பல, இப்படி ஏற்கெனவே மழுங்கிப் பிறந்தவை.

எவ்வளவு மழுங்கல் ஏற்கத்தக்கது என்பதற்கு எம்24 நட்டின் சர்வதேசத் தர அளவே ஒரு வழிகாட்டி. ஐ.எஸ்.ஓ. 4032 தரப்படி அதன் எதிர்த்தட்டை அளவு 36-க்கு மேல் போகக் கூடாது, 35-க்குக் கீழே இறங்கக் கூடாது, மூலைவிட்டம் 39.55-க்குக் குறையக் கூடாது. 39.55 என்பது 35-ஐப்போல் 1.13 மடங்கு. ஆகத் தொழிற்சாலை நட்டுகளே முழு 1.1547 மடங்குக்கு வருவதில்லை, 1.13 மடங்கு இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மூலையைச் சிறிதும் கெடாமல் கூராக்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது என்பது என் கருத்து. கூர்மூலை கையைக் கிழிக்கும், அடிபட்டால் பிசிறும், ஸ்பேனருக்கு அதனால் பெரிய நன்மை எதுவும் இல்லை.

இப்போது 40 ராடை மீண்டும் பார்க்கலாம். 40-ஐ 36-ஆல் வகுத்தால் 1.11 மடங்குதான் வருகிறது, 1.13-க்குக் குறைவு. மூலைவிட்டம் 39.55-ஐத் தாண்டிவிட்டதே என்று எண்ணி ஏமாறக் கூடாது. அந்த எண் 35 எதிர்த்தட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஆனால் ராடு உண்மையிலேயே சுத்தமான, வட்டமான 40 ஆக இருந்தால் ஒரு வழி இருக்கிறது: எதிர்த்தட்டையை 36-க்குப் பதில் 35.4-க்கு வெட்டலாம். அப்போது மடங்கு சரியாக 1.13, தட்டையின் அகலம் 18.6. ஸ்பேனரில் கொஞ்சம் ஆட்டம் கூடும் என்றாலும் தரம் அனுமதிக்கும் வரம்புக்குள்தான் இருக்கும்.

சுருக்கமாக: 36 எதிர்த்தட்டைக்கு 41.57 மேல் எல்லை, 1.13 மடங்காகிய 40.7 நடைமுறைக் கீழ் எல்லை. கடைசலில் 41-க்குக் கொண்டுவந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், தட்டை 19.6 மி.மீ. அகலம் வரும்.

## கடையில் வாங்கும் ராடும் கடைந்த ராடும்

மேலே சொன்ன விட்டங்கள் எல்லாம் கடைந்து சுத்தமான ராடின் விட்டங்கள். கடையில் கிடைக்கும் கறுப்பு ராடின் மேல் உருட்டாலையிலிருந்து வந்த கருந்தோல் இருக்கும். அதன் அடியில் சிறு குழிகள் இருக்கும். ராடு முழு வட்டமாகவும் இருக்காது. வெர்னியரை ஒரே இடத்தில் வைத்து ராடைச் சுற்றிச் சுற்றி அளந்தால் கோணல் தெரியும். எந்த இடத்தில் சிறிய அளவு காட்டுகிறதோ அந்த அளவைத்தான் நம்ப வேண்டும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் கடைந்தாலே 40 ராடு 39 ஆகிவிடும். 39-இல் எதிர்த்தட்டையை 35 வரை இறக்கினாலும் 1.13 மடங்கு வராது. கறுப்பு ராடு என்றால் இந்த நட்டுக்கு 45 வாங்கச் சொன்னவர்தான் சரி. பளபளப்பாக இழுத்துவந்த பிரைட் பார் என்றால் 40 சொன்னவரும், 35.4 வெட்டத் தயாராக இருந்தால், சரி.

கடற்கரைப் பட்டறைகளில் பழைய புரொப்பல்லர் ஷாஃப்டை அறுத்து நட்டு செய்யும் வழக்கமும் உண்டு. எஃகு நல்லதாகவே இருக்கும். ஆனால் ஷாஃப்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் கிளாண்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் அடிவரை கடைந்த பிறகு என்ன விட்டம் மிஞ்சுகிறது என்பதே கணக்கில் வர வேண்டிய எண். அறுக்கும் முன்பே அந்த இடத்தை அளந்துவிடுவது நல்லது.

## வெட்டும்போது ஆழம் எவ்வளவு?

45 ராடை 41-க்குக் கடைந்தாயிற்று. இனி மில்லிங் இயந்திரத்தில், டிவைடிங் ஹெட்டில் பிடித்து ஆறு தட்டைகளை வெட்ட வேண்டும். ராடைச் சமமான கோணங்களில் திருப்பி நிறுத்தித்தரும் கருவிதான் டிவைடிங் ஹெட். ஒரு தட்டைக்கு வெட்ட வேண்டிய ஆழம், விட்டத்துக்கும் எதிர்த்தட்டை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி:

```
h = (D − S) / 2 = (41 − 36) / 2 = 2.5
```

பாதியாக்க மறந்து 5 மி.மீ. இறக்கிவிட்டால் எதிர்த்தட்டை 31-க்குப் போய்விடும். அந்தத் துண்டு 36 ஸ்பேனருக்கு உதவாது. இங்கே D என்பது வெர்னியர் காட்டும் உண்மையான விட்டமாக இருக்க வேண்டும். “41-க்குக் கடைந்தேன்” என்ற நினைவை நம்பக் கூடாது.

ஒரே மூச்சில் 2.5 இறக்காமல், முதலில் 2.3 இறக்கி ஒரு தட்டையையும் அதன் எதிர்த்தட்டையையும் மட்டும் வெட்டி அளப்பது நல்ல முறை. கணக்குப்படி 36.4 வர வேண்டும். வெர்னியர் 36.5 காட்டினால், கட்டர் ராடைத் தொட்டதாக எடுத்துக்கொண்ட இடத்தில் சிறு பிழை என்று பொருள், இன்னும் 0.5 போக வேண்டும், பக்கத்துக்கு 0.25 இறக்கினால் 36 வந்துவிடும். அதன்பின் அந்த ஆழத்திலேயே மற்ற நான்கையும் வெட்டலாம்.

எதிர்த்தட்டையை முதலில் வெட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 முறை சுற்றினால் ராடு ஒரு முழுச் சுற்றுத் திரும்பும்; முழுச் சுற்றுக்குக் குறைவான பகுதியை, கைப்பிடியின் முள் விழும் துளைத்தகட்டில் துளை எண்ணி அளக்க வேண்டும். அரைச் சுற்றுக்கு 20 முழுச் சுற்று; துளை எண்ண வேண்டிய தேவையே இல்லை. அடுத்த தட்டைக்குப் போகும்போதுதான் 40-ஐ 6-ஆல் வகுத்து 6 முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு சுற்றும் போக வேண்டும். 18 துளை வட்டத்தில் அது 12 இடைவெளி. முள் ஏற்கெனவே நிற்கும் துளையையும் சேர்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் 11 இடைவெளியே நகர்ந்திருக்கும். ராடு 60 பாகைக்குப் பதில் 59.5 பாகை திரும்பியிருக்கும். அரைப் பாகைதானே என்று தோன்றலாம். ஒவ்வொன்றாக வரிசையில் வெட்டிக்கொண்டு போனால், நான்காவது தட்டை முதல் தட்டைக்கு நேர் எதிரே வராமல் ஒன்றரைப் பாகை சாய்ந்து நிற்கும். இந்த நட்டின் தட்டை அகலத்தில் அது அரை மில்லிமீட்டர் வித்தியாசம்: தட்டையின் ஓர் ஓரத்தில் அளந்தால் ஓர் அளவு, மறு ஓரத்தில் அளந்தால் இன்னோர் அளவு. வெர்னியர் இப்படிக் காட்டினால் ஆழத்தைக் குறை சொல்லாமல் துளை எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்.

மூலையைக் கொஞ்சம் மழுங்கலாக விடுவதில் ஒரு வசதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அது. 41-க்குக் கடைந்த ராடில் ஒவ்வொரு மூலையிலும் கடைசல் பளபளப்போடு சுமார் 1 மி.மீ. அகலமுள்ள ஒரு நாடா எஞ்சும். ஆறு நாடாக்களும் ஒரே அகலமாக இருந்தால் அறுகோணம் ராடின் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்து நாடாக்கள் அகலமாகவும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், ராடை மாற்றிப் பிடித்தபோது மையம் விலகிவிட்டது. எதிர்த்தட்டை அளவு மூன்று திசையிலும் சரியாக 36 காட்டினாலும் இந்தப் பிழை இருக்கலாம்; அதை வெர்னியர் காட்டாது, நாடா காட்டிவிடும். முழுக் கூராக 41.57-க்குக் கடைந்து வெட்டியவருக்கு இந்தச் சாட்சி கிடைப்பதில்லை.

## சதுரம்: கேள்வி தலைகீழாகும் இடம்

சதுரத்தில் பெரும்பாலும் கேள்வி எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சுக்கான் தண்டு ஏற்கெனவே 40 மி.மீ.; அதன் மேல்முனையில் சுக்கான் பிடி உட்காரச் சதுரம் வெட்ட வேண்டும்; எவ்வளவு பெரிய சதுரம் எடுக்கலாம்? கூர்மூலை வேண்டுமென்றால் 40-ஐ 1.4142-ஆல் வகுத்து 28.3 மி.மீ. அதற்குமேல் போனால் மூலை மழுங்கும். அறுகோணத்தைவிடச் சதுரத்தில் மூலைக்கும் தட்டைக்கும் உள்ள தூர வித்தியாசம் மிக அதிகம் என்பதால், முழுக் கூருக்காக இழக்கும் இரும்பும் அதிகம்: கூர்மூலை அறுகோணம் வெட்டினால் ராடின் குறுக்குப்பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம் சுருளாகப் போகிறது, சதுரத்தில் 36 சதவீதம்.

அதனால்தான் டேப் செய்பவர்கள் 10 தண்டில் 7.07 வெட்டாமல் 8 வெட்டுகிறார்கள். விட்டத்தில் பத்தில் எட்டு என்ற அந்த அளவு, தண்டின் பலத்தைக் கணிசமாகக் காப்பாற்றிக்கொண்டு, பிடிப்பதற்குப் போதிய தட்டையையும் தருகிறது. 40 தண்டுக்கு அதே விகிதம் 32 சதுரத்தைத் தரும். தட்டை 24 மி.மீ. அகலம். பிடியைக் கையால் அடிக்கடி கழற்றி மாட்டுவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் தட்டை நல்லது. 30 சதுரம் வெட்டினால் 40-இன் வர்க்கத்திலிருந்து 30-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க, தட்டை 26.5 மி.மீ. வருகிறது, மூலையில் 2.5 மி.மீ. உருண்டை எஞ்சுகிறது. வெட்டும் ஆழம் 40-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, 5 மி.மீ. டிவைடிங் ஹெட்டில் ஒவ்வொரு தட்டைக்கும் 10 முழுச் சுற்று; துளைக் கணக்கே கிடையாது.

இதைத் திருப்பிக் கேட்டால், அதாவது 30 சதுரம் வேண்டும், புதுத் தண்டு எத்தனை என்றால், கூர்மூலைக்கு 42.4, பத்தில் எட்டு விகிதத்துக்கு 30-ஐ 0.8-ஆல் வகுத்து 37.5. நடுவில் 40 ஒரு நல்ல தேர்வு; கறுப்பு ராடாக இருந்தால் 45 வாங்கி 40-க்குக் கடைய வேண்டும்.

சதுரத்தில் மழுங்கல் மூலை ஒரு குறையே அன்று, தேவையும்கூட. பிடியின் உள்ளே உள்ள சதுர ஓட்டை பட்டறையில் பெரும்பாலும் துளையிட்டு அரத்தால் ராவி எடுப்பது. அதன் உள்மூலை ஒருபோதும் முழுக் கூராக வராது, சிறு வளைவு இருக்கவே செய்யும். கூர்மூலைத் தண்டை அதில் நுழைத்தால் தட்டைகள் தொடுவதற்கு முன்பே மூலைகள் நான்கும் முட்டிக்கொள்ளும். அடித்து இறக்கினால் இறங்கும், இறுக்கமாகவும் தோன்றும். ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது நான்கு மூலை நுனிகள் மட்டுமே. சில நாள்களில் அவை நசுங்கிப் பிடி ஆடத் தொடங்கும். தட்டையில் மை தடவி மாட்டிக் கழற்றிப் பார்த்தால், மை தட்டையில் அழிந்திருக்கிறதா மூலையில் மட்டும் அழிந்திருக்கிறதா என்பதிலிருந்து எது முட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

சதுரம் முடிந்து உருண்டைத் தண்டு தொடங்கும் இடத்தில் கட்டர் விட்டுச்செல்லும் உள்விளிம்பையும் கூராக விடக் கூடாது. சுக்கான் ஒவ்வோர் அலைக்கும் தண்டை இரு திசையிலும் முறுக்குகிறது. விரிசல் தொடங்குவது அந்த உள்விளிம்பில்தான். முனை வளைந்த கட்டர் இருந்தால் அதனால் முடிக்கலாம். இல்லையென்றால் அரைவட்ட அரத்தால் அங்கே ஒரு சிறு வளைவை ராவி, எமரித் தாளால் கோடுகள் மறையும்வரை தேய்த்துவிட வேண்டும். பிடியின் ஓட்டை வாயிலும் அதற்கு இடம் தரும் அளவுக்குச் சரிவு எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் பிடி அந்த வளைவின் மேல் ஏறி நின்றுகொண்டு, கீழே முழுமையாக உட்காராது.